ஃபார்மில் சிவப்பு எழுத்தில் எரர்... அடுத்த பக்கத்துக்கே போகலையா? தப்பு எங்கே இருக்குன்னு கண்டுபிடிப்பது எப்படி?

அரசு வேலைக்கான தேர்வு விண்ணப்பம். கடைசி நாள், இரவு 11.59 வரைதான் நேரம். பெயர், முகவரி, படிப்பு எல்லாவற்றையும் நிரப்பி ‘நெக்ஸ்ட்’ பட்டனை அழுத்தினால், மேலே சிவப்பு எழுத்தில் ஒரு வரி வருகிறது: "Please fill all the mandatory fields correctly". எந்தக் கட்டம், என்ன தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. மேலிருந்து கீழ் வரை பார்த்தாச்சு, எல்லாம் நிரம்பித்தான் இருக்கு. மறுபடி அழுத்தினாலும் அதே சிவப்பு வரி.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்வது இரண்டுதான். ஒன்று, பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. இல்லையென்றால், பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து அரை மணி நேரம் டைப் செய்த மொத்தத்தையும் இழப்பது. இரண்டுமே உதவாது. அந்தச் சிவப்பு வரி எதையும் சொல்லாவிட்டாலும், அது எப்படி வருகிறது, எப்போது வருகிறது என்பதைக் கவனித்தால் தப்பு இருக்கும் இடத்தை நெருங்கிவிடலாம்.

மறுப்பது யார்? உங்கள் போனா, சர்வரா?

ஒரு ஆன்லைன் ஃபார்மில் நீங்கள் கொடுக்கும் தகவல் பொதுவாக இரண்டு இடங்களில் சோதிக்கப்படுகிறது. முதல் சோதனை உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ, பிரவுசருக்குள்ளேயே நடக்கும். கட்டம் காலியா, மொபைல் எண்ணில் 10 இலக்கம் இருக்கா, பின்கோடு 6 இலக்கமா என்பது போன்ற மேலோட்டமான சோதனைகள் இவை. இதில் தேறினால்தான் தகவல் இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அங்கே இரண்டாவது சோதனை. இதே ஆதாரில் ஏற்கெனவே யாராவது விண்ணப்பித்திருக்கிறார்களா, வயது வரம்புக்குள் வருகிறதா, கேப்சா சரியா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

எனவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்களை நிறுத்துவது இந்த இரண்டில் எது என்பதுதான். இதைக் கண்டுபிடிக்க எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை. பட்டனை அழுத்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுற்றும் வட்டம் எதுவும் வராமல், தொட்ட நொடியே சிவப்பு எழுத்து வந்தால், மறுப்பது பெரும்பாலும் பிரவுசர்தான். உங்கள் தகவல் இன்னும் போனைவிட்டே வெளியே போகவில்லை. அதற்கு மாறாக, பக்கம் ஓரிரு நொடி லோடு ஆகி, அதன் பிறகு எரர் வந்தால், தகவல் சர்வர் வரை போய்த் திரும்பி வந்திருக்கிறது.

இதிலும் சந்தேகம் இருந்தால், போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு பட்டனை அழுத்திப் பார்க்கலாம். நெட்டே இல்லாதபோதும் அதே சிவப்பு வரி வந்தால், சந்தேகமே வேண்டாம், தப்பு உங்கள் திரையில்தான் இருக்கு. ஆனால் ஒரு எச்சரிக்கை. பிரவுசர் சோதனையில் எல்லாம் தேறியிருந்தால், சில தளங்களில் ‘நெட் இல்லை’ என்ற பக்கம் வந்து, நிரப்பியது அழிந்துபோகலாம். அதனால் ‘சேவ் டிராஃப்ட்’ வசதி உள்ள ஃபார்மில் மட்டும், சேவ் செய்த பிறகு இதைச் செய்து பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத கட்டம்

பிரவுசர்தான் மறுக்கிறது என்று தெரிந்துவிட்டால், அடுத்து எந்தக் கட்டம் என்று தேட வேண்டும். நல்ல ஃபார்ம் என்றால் தவறான கட்டத்தின் கீழேயே ஒரு சின்னக் குறிப்பு வரும். பிரச்சினை என்னவென்றால், போன் திரையில் அந்தக் குறிப்பு நாம் பார்க்கும் இடத்துக்கு மிகவும் கீழே, அல்லது மேலே இருக்கும். குரோம் பிரவுசரில் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் "Find in page" என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் invalid என்றோ required என்றோ டைப் செய்து தேடுங்கள். குறிப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் பக்கம் அந்த இடத்துக்கு ஓடிப்போய் நிற்கும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால், கட்டமே மறைந்திருக்கலாம். பல விண்ணப்பங்களில் ‘நிரந்தர முகவரி’, ‘பெற்றோர் விவரம்’ போன்ற பகுதிகள் தலைப்பு மட்டும் தெரியும்படி மடக்கி வைக்கப்பட்டிருக்கும். தலைப்பைத் தொட்டால்தான் விரியும். உள்ளே கட்டாயம் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் காலியாக இருந்தால், நமக்குத் தெரியாது. ஆனால் பிரவுசருக்குத் தெரியும். அதனால் முதலில் மடங்கியிருக்கும் எல்லாத் தலைப்புகளையும் ஒருமுறை தொட்டு விரித்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் இருந்தால் இந்தத் தேடல் இன்னும் சுலபம். குரோமிலோ எட்ஜிலோ அந்த ஃபார்ம் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கீபோர்டில் F12 பட்டனை அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு சாளரம் திறக்கும். அதில் "Console" என்ற பிரிவுக்குப் போய், கீழே உள்ள வரியைக் கையால் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

```
document.querySelectorAll(":invalid, .ng-invalid, [aria-invalid=true]")
```

இந்தப் பக்கத்தில் சோதனையில் தேறாத கட்டங்கள் எல்லாவற்றையும் காட்டு என்பதுதான் இதன் அர்த்தம். பதிலாக ஒரு பட்டியல் வரும். அதில் form என்று தொடங்குவது மொத்த ஃபார்மையும் குறிக்கும், அதை விட்டுவிடலாம். input அல்லது select என்று தொடங்குபவைதான் நாம் தேடும் கட்டங்கள். பட்டியலில் உள்ள பெயரின் மேல் மவுஸைக் கொண்டுபோனால், ஃபார்மில் அந்தக் கட்டம் நிறம் மாறிக் காட்டும். எதுவும் நிறம் மாறவில்லை என்றால், அது மடங்கிய பகுதிக்குள் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்த வரி எதையும் மாற்றாது, எதையும் யாருக்கும் அனுப்பாது; பார்த்துச் சொல்வதோடு சரி. ஆனால் பொதுவாகவே, முன்பின் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கோடை இந்த இடத்தில் ஒட்டுவது ஆபத்து. உங்கள் கணக்கையே கைப்பற்ற இது ஒரு வழி. அதனால்தான் குரோமே இங்கே எதையாவது பேஸ்ட் செய்ய முயன்றால் தடுத்து எச்சரிக்கிறது.

சில நேரம் பட்டனை அழுத்தினால் சிவப்பு எழுத்துகூட வராது, சும்மா இருக்கும். அப்போதும் இதே "Console" பிரிவைப் பாருங்கள். "An invalid form control with name='...' is not focusable." என்று ஒரு வரி இருந்தால், மறைந்திருக்கும் கட்டாயக் கட்டம் ஒன்று காலியாகவோ தவறாகவோ இருக்கிறது, அதை உங்களுக்குக் காட்ட பிரவுசருக்கு வழி தெரியவில்லை என்று பொருள். மேற்கோள் குறிக்குள் வரும் பெயர்தான் அந்தக் கட்டம்.

பட்டியல் காலியாக வந்தால்? அந்தத் தளம் தனக்கென்று வேறு மாதிரி சோதனை எழுதி வைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது கட்டங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பார்க்கும்போது எதைத் தேட வேண்டும் என்பது அடுத்து.

சரியாகத்தான் தெரியும், ஆனால் சரியில்லை

நம் ஊர் விண்ணப்பதாரர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் கட்டம், வேறு எதுவும் இல்லை, பெயர்தான். தமிழ்நாட்டில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் உண்டு, அதற்குப் பின்னால் ஒரு புள்ளியும் உண்டு. பெயர்க் கட்டத்தில் எழுத்தும் இடைவெளியும் மட்டும்தான் வரலாம் என்று எழுதப்பட்ட ஃபார்மில், அந்தப் புள்ளியே எரருக்குப் போதும். S. KUMAR என்பதற்குப் பதில் S KUMAR என்று போட்டால் பிரச்சினை முடிந்துவிடும். தூத்துக்குடி பக்கம் டி'குரூஸ் போன்ற பெயர் உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஐபோன் கீபோர்டு அந்த நேர்க் குறியைத் தானாகவே வளைந்த குறியாக மாற்றிவிடும். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஃபார்முக்கு அவை வேறு வேறு எழுத்துகள்.

‘சர்நேம்’ கட்டாயம் என்று கேட்கும்போது என்ன செய்வது என்பதற்கு ஒரே பதில் கிடையாது, ஃபார்முக்கு ஃபார்ம் மாறும். பான் கார்டு விண்ணப்பத்தில், ஒரே பெயர் உள்ளவர்கள் அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போட வேண்டும். அங்கே வெறும் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 ஃபார்மில், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்றால் அதை ‘சர்நேம்’ கட்டத்தில் போட்டு, ‘கிவன் நேம்’ கட்டத்தில் FNU என்று போடச் சொல்கிறது அந்தத் தளத்தின் வழிகாட்டல். அதனால், சிவப்பு எழுத்து போனால் சரி என்று சர்நேமில் ஒரு புள்ளியோ, நெருங்கிய சொந்தக்காரர் பெயரோ போட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது அப்படியே அட்டையில் அச்சாகி வரும். பிறகு திருத்துவதற்குத் தனி அலைச்சல்.

அடுத்த எதிரி, கண்ணுக்கே தெரியாத இடைவெளி. போன் கீபோர்டு காட்டும் பரிந்துரைச் சொல்லைத் தொட்டால், சொல்லுக்குப் பின்னால் ஒரு ஸ்பேஸும் சேர்ந்தே விழும். மின்னஞ்சல் முகவரிக்குப் பின்னால் இப்படி ஒரு ஸ்பேஸ் இருந்தால் பல ஃபார்ம்கள் ஏற்காது. வாட்ஸ்அப்பிலிருந்தோ பிடிஎஃப்பிலிருந்தோ எண்ணை காப்பி பேஸ்ட் செய்தாலும் இதே கதைதான். மொபைல் எண்ணை கான்டாக்ட்டிலிருந்து எடுத்தால் முன்னால் +91 ஒட்டிக்கொண்டு வரும். 10 எழுத்து மட்டும் ஏற்கும் கட்டம், அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை வெட்டிவிடும். கண்டுபிடிப்பது எளிது: கட்டத்தின் கடைசியில் தொடுங்கள். கர்சர் கடைசி எழுத்தை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால், அங்கே ஸ்பேஸ் இருக்கிறது.

பிரவுசர் தானாக நிரப்பிக் கொடுக்கும் ஆட்டோஃபில்லும் ஏமாற்றும். திரையில் முகவரி தெரியும். ஆனால் நீங்கள் டைப் செய்யாததால், சில ஃபார்ம்கள் அந்தக் கட்டத்தை இன்னும் காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் தொட்டு, கடைசி எழுத்தை அழித்து, மறுபடி அதே எழுத்தை டைப் செய்துவிட்டு வெளியே வாருங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

குறியீட்டு எண்களில் தப்பு வந்தால் ஃபார்ம் உடனே பிடித்துவிடும், ஏனென்றால் அவற்றுக்கு ஒரு கட்டமைப்பு உண்டு. வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள், அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். பலர் அந்த இடத்தில் ஆங்கில எழுத்து ‘ஓ’வைப் போட்டுவிட்டு, சரியாத்தானே போட்டேன் என்று குழம்புவார்கள். பான் எண்ணில் ஐந்து எழுத்து, நான்கு இலக்கம், மறுபடி ஒரு எழுத்து என்ற வரிசை மாறவே மாறாது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம், முந்தைய 11 இலக்கங்களைக் கணக்கிட்டு வருவது. அதனால் இரண்டு இலக்கம் இடம் மாறினால்கூட, ‘இப்படி ஒரு ஆதார் எண் இருக்கவே முடியாது’ என்று சர்வரைக் கேட்காமலே ஃபார்மால் சொல்ல முடியும்.

பிறந்த தேதியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. சில கம்ப்யூட்டர்களில் அமெரிக்க முறைப்படி மாதம் முதலில், நாள் அடுத்து என்று கட்டம் அமைந்திருக்கும். 15/08/2001 என்று போடப் போனால் ஏற்காது, ஏனென்றால் 15-வது மாதம் என்று ஒன்று கிடையாது. இது நல்லதுதான், தப்பு உடனே தெரிந்துவிடுகிறது. மோசமானது 05/08/2001. ஆகஸ்ட் 5 என்று நினைத்து நீங்கள் போட, எந்த எரரும் இல்லாமல் மே 8 என்று பதிவாகிவிடும். எனவே காலண்டர் படத்தைத் தொட்டுத் தேதியைத் தேர்வு செய்வதே பாதுகாப்பு.

ஆங்கில ஃபார்மை குரோம் வழியாகத் தமிழுக்கு மாற்றி நிரப்புபவர்களும் உண்டு. புரிந்துகொள்ள அது உதவும், ஆனால் நிரப்பும்போது வேண்டாம். மொழிபெயர்ப்பு, பக்கத்தின் உள்ளே இருக்கும் எழுத்துகளையே மாற்றி வைப்பதால், சில தளங்களில் தேர்வுப் பட்டியல்களும் பட்டன்களும் வேலை செய்யாமல் போகும். தமிழில் ஒருமுறை படித்துவிட்டு, ஆங்கிலத்துக்குத் திரும்பி நிரப்புங்கள்.

ஒரு விண்ணப்பம், இரண்டு தப்பு

இதெல்லாம் சேர்ந்து எப்படி நடக்கும் என்று பார்ப்போம். திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பி.காம் பட்டதாரி. இரவு 9 மணிக்கு ஒரு வேலைக்கான விண்ணப்பத்தின் இரண்டாவது பக்கத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நெக்ஸ்ட் அழுத்தினால் அதே சிவப்பு வரி. லோடு ஆகவில்லை, உடனே வருகிறது. ஆக, சர்வர் பிஸி என்று காத்திருப்பதில் பயனில்லை. காலை வரை காத்திருந்தாலும் இது மாறாது.

பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போய், F12 தட்டி மேலே சொன்ன வரியைப் போடுகிறார். பட்டியலில் இரண்டு கட்டங்கள் வருகின்றன. ஒன்று select#permTaluk. மற்றது input#degreePercent. முதல் பெயரின் மேல் மவுஸை வைத்தால் திரையில் எதுவும் நிறம் மாறவில்லை. பெயரிலேயே விடை இருக்கிறது: நிரந்தர முகவரியின் தாலுகா.

நடந்தது இதுதான். முதலில் அவர் தற்போதைய முகவரியில் மாவட்டத்தைத் தவறாகத் தேர்வு செய்து, ‘நிரந்தர முகவரியும் இதுவே’ என்று டிக் அடித்திருக்கிறார். பிறகு மேலே மாவட்டத்தைத் திருத்தியிருக்கிறார். கீழே உள்ள மாவட்டமும் கூடவே மாறியிருக்கிறது. மாவட்டம் மாறினால் தாலுகா பட்டியல் புதிதாக வரும், பழைய தேர்வு கலைந்து "Select" என்ற நிலைக்குப் போய்விடும். மேலே இருந்த தாலுகாவை அவர் பார்த்துத் திருத்திவிட்டார். கீழே உள்ளது மடங்கிய பகுதிக்குள் இருந்ததால் கண்ணில் படவே இல்லை. டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அடித்ததும் தாலுகா வந்துவிட்டது.

இரண்டாவது கட்டம், பட்டப்படிப்பு மதிப்பெண் சதவீதம். கணக்குப் போட்டு 71.375 என்று சரியாகவே போட்டிருக்கிறார். ஆனால் அந்தக் கட்டம் தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்தான் ஏற்கும். இங்கே 71.37 எனப் போடுவதா, 71.38 எனப் போடுவதா? இது சின்ன விஷயம் இல்லை. குறைந்தபட்ச மதிப்பெண் நிபந்தனை உள்ள வேலைகளில், மேல்நோக்கி முழுமையாக்கக் கூடாது என்று அறிவிப்பிலேயே சொல்லியிருக்கலாம். உதாரணத்துக்கு 59.996 எடுத்தவர் 60 என்று போட்டால், சான்றிதழ் சரிபார்ப்பில் பிரச்சினை வரும். அறிவிப்பைத் திறந்து அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் திருத்த வேண்டும். அவர் பார்த்தார், 71.37 போட்டார், பக்கம் நகர்ந்தது.

கவனித்தீர்களா, ஒரே சிவப்பு வரிக்குப் பின்னால் இரண்டு தப்பு. ஒன்றைச் சரிசெய்தும் அதே எரர் வந்தால், செய்த திருத்தம் வீண் என்று நினைத்துப் பழையபடி மாற்றிவிடக் கூடாது. பலர் சறுக்கும் இடம் இதுதான்.

லோடு ஆகித் திரும்பினால்...

பிரவுசர் சோதனை தேறி, சர்வர் மறுத்தால் காரணங்கள் வேறு. முதலில் பார்க்க வேண்டியது நேரம். ஃபார்மைத் திறந்து வைத்துவிட்டு, போட்டோவின் அளவைக் குறைக்கப் போய், நடுவில் சாப்பிட்டு வந்திருப்பீர்கள். அதற்குள் உங்கள் லாகின் காலாவதி ஆகியிருக்கும். சர்வர் அதைச் சொல்லாமல் பொதுவாக ஒரு எரரைக் காட்டும். வேறொரு டேபில் அதே தளத்தைத் திறந்து, இன்னும் உள்ளே இருக்கிறீர்களா, லாகின் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கேப்சாவும் அப்படித்தான். ஒருமுறை தோற்றால் பழைய கேப்சா செல்லாது, புதிதாகப் போட வேண்டும்.

இரண்டாவது, முகவரிக் கட்டம். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று சாய்கோடு போட்டு எழுதுவது வழக்கம். சில தளங்களின் பாதுகாப்பு வடிகட்டி, முகவரியில் வரும் #, &, ' போன்ற குறிகளைப் பார்த்தால், யாரோ தளத்தைத் தாக்க முயல்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும். குறிகளை எடுத்துவிட்டு OLD NO 12 NEW NO 25 என்று வெறும் எழுத்திலும் எண்ணிலும் எழுதிப் பாருங்கள். தபால்காரருக்கு இது போதும்.

மூன்றாவது, கோப்பு. போட்டோ 20 முதல் 50 கேபி வரை, ஜேபிஜி என்று கேட்பது வழக்கம். ஐபோனில் எடுத்த படம் பெரும்பாலும் ஹெச்இஐசி வகையில் சேமிப்பாகும். கோப்பின் பெயரில் கடைசியில் .jpg என்று மாற்றி எழுதினால் அது ஜேபிஜி ஆகிவிடாது, பெயர்ப்பலகையை மாற்றுவதற்குச் சமம் அது. சர்வர் உள்ளே திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். படத்தை ஏதாவது ஒரு எடிட்டிங் ஆப்பில் திறந்து ஜேபிஜியாகச் சேமிக்க வேண்டும். இணையத்தில் டவுன்லோடு செய்த ஆதார் பிடிஎஃப்பை அப்படியே பதிவேற்றுவதும் ஒரு பொதுவான தவறு. அது பாஸ்வேர்டு போட்டது. சர்வரால் திறக்க முடியாது. அதை நீங்கள் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, ‘பிரிண்ட்’ கொடுத்து, பிடிஎஃப்பாகச் சேமித்தால் பாஸ்வேர்டு இல்லாத பிரதி கிடைக்கும்.

இது எதுவும் இல்லை என்றால், F12 சாளரத்தில் "Network" பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். சிவப்பு நிறத்தில் வரும் வரியில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 400 அல்லது 422 என்றால், சர்வர் உங்கள் தகவலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறது. அந்த வரியைத் தொட்டு "Response" என்ற பகுதியைப் பார்த்தால், திரையில் காட்டாத காரணம் அங்கே எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. 401 என்றால் லாகின் போய்விட்டது. 413 என்றால் கோப்பு பெரிது. 500, 502, 503, 504 என்று வந்தால் பெரும்பாலும் கோளாறு அவர்கள் பக்கம். நீங்கள் முகவரியை மாற்றி மாற்றி எழுதுவதை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து முயல்வதே வழி. சில தளங்கள் மறுத்தாலும் 200 என்றே காட்டும். எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், "Response"-ஐயும் பாருங்கள்.

கம்ப்யூட்டர் கையில் இல்லை, போன் மட்டும்தான் என்றால், கட்டாயம் இல்லாத கட்டங்களை எல்லாம் காலி செய்துவிட்டு, நட்சத்திரக் குறி உள்ளவற்றை மட்டும் நிரப்பி நகர முடிகிறதா என்று பாருங்கள். நகர்ந்தால், காலி செய்ததில் ஏதோ ஒன்றுதான் காரணம். திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது சரியானது என்று தெரியாமலே போகும்.

‘கேஷ் கிளியர் பண்ணுங்க, வேற பிரவுசர்ல போடுங்க’ என்று எல்லோரும் சொல்வார்கள். பட்டன் வேலையே செய்யாதபோது, தேர்வுப் பட்டியல் திறக்காதபோது அது பலன் தரும். ஒரு கட்டத்தில் தவறான தகவல் இருந்தால், எத்தனை பிரவுசர் மாற்றினாலும் அதே தவறு கூடவே வரும். செய்வதாக இருந்தால், நிரப்பிய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் எரர் வந்தால் மட்டும் இந்தச் சோதனைகள் எதுவும் வேண்டாம். மறுபடி அழுத்தினால் இரண்டாவது முறையும் பணம் போகலாம். முதலில் வங்கிக் கணக்கில் பணம் கழிந்ததா என்று பாருங்கள். கழிந்திருந்தால், மறுபடி லாகின் செய்து விண்ணப்பத்தின் பணம் செலுத்திய நிலையைப் பார்த்த பிறகே அடுத்த முயற்சி.

ஹெல்ப்டெஸ்க்குக்கு என்ன எழுதுவது?

எதுவும் பலிக்கவில்லை என்றால் அறிவிப்பில் உள்ள உதவி மைய மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். ‘ஃபார்ம் போகலை சார், ஹெல்ப் பண்ணுங்க’ என்று எழுதினால், ‘கேஷ் கிளியர் செய்யவும்’ என்ற பதிலே வரும். விண்ணப்ப எண், எந்தப் பக்கம், எந்த பட்டன், சிவப்பு வரியின் சரியான வார்த்தைகள், தேதியும் நேரமும் நிமிடம் வரை, போனா கம்ப்யூட்டரா, எந்த பிரவுசர், என்னென்ன செய்து பார்த்தாயிற்று என்பதைச் சொல்லுங்கள். நேரம் முக்கியம், ஏனென்றால் சர்வரின் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடித்தான் உங்கள் முயற்சியைக் கண்டுபிடிக்க முடியும். நேரமும் முகவரிப் பட்டையும் தெரியும்படி முழுத் திரையின் ஸ்கிரீன்ஷாட் ஒன்றை இணையுங்கள். அதில் ஆதார் எண், பாஸ்வேர்டு, ஓடிபி தெரிந்தால் மறைத்துவிடுங்கள். சமூக வலைதளத்தில் புகார் போட்ட அடுத்த நிமிடமே ‘கஸ்டமர் கேர்’ என்று யாராவது தானாக அழைத்து ஓடிபி கேட்டாலோ, ஸ்கிரீனைப் பகிரும் ஆப்பைப் போடச் சொன்னாலோ, அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

கடைசித் தேதி முடிவதற்குள் அனுப்பிய அந்த மின்னஞ்சலை அழிக்க வேண்டாம். தளத்தின் கோளாறு காரணமாக அவகாசம் கேட்கும் நிலை வந்தால், நேரத்துக்குள் முயன்றீர்கள் என்பதைக் காட்ட உங்களிடம் இருக்கும் ஆவணம் அதுதான்.